எத்தனையாம் பிள்ளை, எத்தனை பேருக்குள்?

தவணைப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வந்தால், யாழ்ப்பாணத்தில் முதலில் கேட்கப்படுவது புள்ளி அல்ல. "எத்தினையாம் பிள்ளை?" என்பதுதான். முற்றத்தில் கதிரை போட்டு இருக்கிற அம்மம்மாவும் அதைத்தான் கேட்பார், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டு அக்காவும் அதைத்தான் கேட்பார்.

போன விடுமுறைக்கு எங்கள் வீட்டில் இப்படி நடந்தது. என் அக்காவின் மகன் நெடுந்தீவில் படிக்கிறான். சின்னப் பள்ளிக்கூடம், அவன் வகுப்பில் மொத்தம் 8 பிள்ளைகள். தங்கச்சியின் மகள் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அதே தரத்தில் படிக்கிறாள், அவள் வகுப்பில் 42 பேர். அம்மா வழக்கம்போல இரண்டு பேரக்குழந்தைகளையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். அவன் நெஞ்சை நிமிர்த்தி "ரெண்டாம் பிள்ளை அம்மம்மா" என்றான். அவள் குனிந்துகொண்டு "ஒன்பதாம் பிள்ளை" என்றாள். அவனுக்கு ஆயிரம் ரூபாய்த் தாள் கிடைத்தது. அவளுக்கு "அடுத்த தவணை கவனமாப் படி குஞ்சு" என்ற புத்திமதி கிடைத்தது. பிள்ளையின் முகம் வாடிப் போயிற்று.

நான் ரியூட்டரியில் கணிதம் படிப்பிக்கிறவன். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கிழித்துப் போட்ட கலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சதமணை நிலை என்கிற அந்தக் கணக்கையே இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

நிலை சொல்வது என்ன, சொல்லாதது என்ன

வகுப்பில் பத்தாம் பிள்ளை என்றால், தனக்கு மேலே ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான். கீழே எத்தனை பேர் என்பது அந்த எண்ணில் இல்லை. பத்துப் பேர் உள்ள வகுப்பில் பத்தாம் பிள்ளை கடைசிப் பிள்ளை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் அவர் முதல் காற்பங்குக்குள் நிற்கிறவர். எண் ஒன்றுதான், நிற்கிற இடம் வேறு.

சதமணை நிலை இதைத் தலைகீழாகப் பார்க்கிறது. மேலே எத்தனை பேர் என்று எண்ணாமல், கீழே எத்தனை பேர் என்று எண்ணி, அதை மொத்தப் பிள்ளைகளின் சதவீதமாகச் சொல்கிறது. வெளிநாட்டுப் பரீட்சைப் பெறுபேறுகளில் பேர்சன்ரைல் என்று வருவது இதுதான். நிலையில் சின்ன எண் நல்லது, சதமணை நிலையில் பெரிய எண் நல்லது. முதன்முதலில் இதைப் பார்க்கிற பெற்றோர் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சதவீதம் வேறு, சதமணை வேறு. 68 சதவீதம் என்றால் நூறு புள்ளிக்கு 68 புள்ளி எடுத்திருக்கிறார் என்று அர்த்தம், அது வினாத்தாளோடு சம்பந்தப்பட்டது. சதமணை நிலை 68 என்றால் வகுப்பில் ஏறக்குறைய 68 சதவீதமான பிள்ளைகள் அவருக்குக் கீழே என்று அர்த்தம், அது மற்றப் பிள்ளைகளோடு சம்பந்தப்பட்டது. வினாத்தாள் கடினமாக வந்து எல்லோரும் 40க்குக் கீழே எடுத்த பரீட்சையில், 38 புள்ளி எடுத்த பிள்ளையின் சதமணை நிலை 95 ஆக இருக்கலாம்.

25 பேர் வகுப்பு ஒன்று

தரம் 10 வகுப்பு ஒன்றின் கணிதப் புள்ளிகள் இவை என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நானே போட்ட எண்கள்தான், ஆனால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு பட்டியலைப் பார்க்கலாம். இறங்குவரிசையில் எழுதியிருக்கிறேன்:

96, 91, 88, 84, 84, 79, 76, 73, 71, 68, 68, 68, 65, 63, 61, 58, 58, 54, 51, 47, 43, 39, 34, 28, 19

முதல் வேலை, பெயரைப் பார்க்காமல் புள்ளிகளை இப்படி வரிசையாக்குவது. எழுதி முடித்ததும் தலைகளை எண்ணிப் பாருங்கள். 25 பேர் என்றால் 25 எண்கள் இருக்க வேண்டும். ஒரே புள்ளி எடுத்த மூன்று பேரை ஒருதரம் மட்டும் எழுதிவிடுவது கையால் செய்கிறவர்களுக்கு அடிக்கடி வரும் பிழை.

இனி 68 புள்ளி எடுத்த பிள்ளை ஒன்றை எடுப்போம். அவருக்கு மேலே 9 பேர். ஆகவே அவர் பத்தாம் பிள்ளை. 68 எடுத்த மற்ற இருவரும் பத்தாம் பிள்ளைகள்தான். அடுத்து 65 எடுத்தவர் பதின்மூன்றாம் பிள்ளை, பதினொன்றும் பன்னிரண்டும் யாருக்கும் இல்லை. (சில வகுப்பாசிரியர்கள் 65க்குப் பதினொன்று என்று போடுவார்கள். அது வேறு கணக்கு. அப்படிப் போட்ட வகுப்பில் கடைசிப் பிள்ளையின் நிலைக்கும் வகுப்புத் தொகைக்கும் பொருத்தம் இருக்காது. நிலையை வைத்து மேற்கொண்டு கணக்குப் போடப் போகிறீர்கள் என்றால் இதை முதலில் கேட்டுவிடுங்கள்.)

சதமணை நிலைக்கு மூன்று எண்கள் வேண்டும். 68க்குக் குறைவாக எடுத்தவர்கள் எத்தனை பேர்? 65 தொடக்கம் 19 வரை எண்ணினால் 13 பேர். சரியாக 68 எடுத்தவர்கள், இந்தப் பிள்ளையையும் சேர்த்து, 3 பேர். பரீட்சை எழுதியவர்கள் 25 பேர்.

```
சதமணை நிலை = (கீழே உள்ளோர் + சமமானோர் ÷ 2) ÷ மொத்தம் × 100
           = (13 + 3 ÷ 2) ÷ 25 × 100
           = 14.5 ÷ 25 × 100
           = 58
```

இந்த அரைவாசி எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 68 எடுத்த மூன்று பேரில் யார் மேலே, யார் கீழே என்று சொல்ல நமக்கு வழி இல்லை. மூன்று பேரையும் கீழே உள்ளவர்களாக எண்ணினால் (13 + 3) ÷ 25, அதாவது 64 வரும். ஒருவரையும் எண்ணாவிட்டால் 13 ÷ 25, அதாவது 52 வரும். 68 என்ற புள்ளி இந்த வகுப்பில் 52 தொடக்கம் 64 வரை ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. அந்தப் பட்டையின் நடுவை எடுத்தால் 58. சமமானோரில் பாதி என்பது இந்த நடுவைப் பிடிக்கிற வழிதான்.

தனியாக ஒரு புள்ளியில் நிற்கிறவருக்கும் இதே விதிதான். 96 எடுத்த முதலாம் பிள்ளைக்குக் கீழே 24 பேர், சமமானவர் அவர் ஒருவரே. 24.5 ÷ 25 × 100 = 98. கடைசிப் பிள்ளைக்கு 0.5 ÷ 25 × 100 = 2. முதலாம் பிள்ளைக்கு 100 வரவில்லையே என்று ஏங்க வேண்டாம். இந்த முறையில் யாருக்கும் 100 வராது, யாருக்கும் 0 வராது.

84 எடுத்த இருவருக்கும் போட்டுப் பாருங்கள். கீழே 20 பேர், சமம் 2 பேர், 21 ÷ 25 × 100 = 84. புள்ளியும் 84, சதமணை நிலையும் 84. முழுக்கத் தற்செயல். ஆனால் பலகையில் இதை முதல் உதாரணமாகப் போட்டுவிட்டு ஒருமுறை நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். அரைவாசி வகுப்பு இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது.

சரி பார்க்க ஒரு சின்ன வழி

25 பேருக்கும் இப்படிக் கணித்து முடித்தபின் எல்லாச் சதமணை நிலைகளையும் கூட்டி 25 ஆல் வகுங்கள். சரியாக 50 வர வேண்டும். பிள்ளைகள் எத்தனை பேர் என்றாலும், சமப் புள்ளிகள் எத்தனை இருந்தாலும், பரீட்சை எவ்வளவு இலகு அல்லது கடினம் என்றாலும் அது 50தான். காரணம் எளியது. எந்த இரண்டு பிள்ளைகளை எடுத்தாலும் ஒன்று ஒருவர் மற்றவருக்குக் கீழே, அல்லது இருவரும் சமம். கீழே என்றால் மேலே உள்ளவருக்கு ஒன்று போகிறது. சமம் என்றால் ஆளுக்கு அரை போகிறது. எப்படிப் பார்த்தாலும் ஒரு சோடிக்கு ஒன்று. மிச்சமாக ஒவ்வொருவரும் தன்னைத் தானே எண்ணிய அரை. எல்லாம் கூட்டினால் மொத்தத்தின் வர்க்கத்தில் பாதி வரும், அதை வகுத்துக்கொண்டு போனால் 50.

கணினியில் செய்கிறவர்கள் இந்தச் சோதனையைத் தவறவிட வேண்டாம். புள்ளிகள் B2 தொடக்கம் B26 வரை இருந்தால், எக்ஸெலிலும் கூகுள் சீட்ஸிலும் இந்த இரண்டு வரிகள் போதும். முதலாவது நிலைக்கு, இரண்டாவது சதமணை நிலைக்கு:

```
=RANK.EQ(B2,$B$2:$B$26)
=(COUNTIF($B$2:$B$26,"<"&B2)+COUNTIF($B$2:$B$26,B2)/2)/COUNT($B$2:$B$26)*100
```

இரண்டையும் கீழே இழுத்துவிட்டு, சதமணை நிலை நிரலின் சராசரியைப் பாருங்கள். யாராவது ஒரு புள்ளியை எண்ணாக அல்லாமல் எழுத்தாகத் தட்டியிருந்தால் COUNT அதை எண்ணாது. இந்தப் பட்டியலில் 47 மட்டும் எழுத்தாகிப் போனால் சராசரி ஏறக்குறைய 48.9க்கு இறங்கிவிடும். பார்வைக்கு 47 என்றே தெரிவதால், இந்தச் சோதனை இல்லாமல் அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம்.

எக்ஸெலில் `PERCENTRANK.INC` என்று ஆயத்தமாக ஒன்று இருக்கிறதே, ஏன் இந்த நீளச் சூத்திரம் என்று கேட்கலாம். அது வேறு கணக்குப் போடுகிறது. கீழே உள்ளவர்களை மொத்தத்தால் அல்ல, மொத்தத்தில் ஒன்று குறைத்து வகுக்கிறது. 68க்கு 13 ÷ 24, அது 0.541 என்று காட்டும். முதலாம் பிள்ளைக்கு 1, கடைசிப் பிள்ளைக்கு 0 கொடுக்கும். பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் கையால் போட்டது 58, கணினி சொல்வது 54 என்று இருவர் சண்டை பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பட்டியலுக்கு ஒரு முறையைத்தான் கடைசிவரை பாவிக்க வேண்டும். எந்த முறை என்பதைத் தாளின் மூலையில் எழுதியும் வைக்க வேண்டும்.

வராத பிள்ளைகள்

நிலைக்கும் சதமணை நிலைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் தெரிகிற இடம் இது. அந்த 25 பேரைத் தவிர இன்னும் மூன்று பிள்ளைகள் காய்ச்சலால் பரீட்சைக்கு வரவில்லை என்று வையுங்கள். புள்ளிப் பட்டியல் போட்டவர் அவர்களுக்கு எதிரே 0 தட்டிவிட்டார்.

68 எடுத்த பிள்ளைக்கு என்ன நடக்கும்? அவருக்கு மேலே இப்போதும் 9 பேர்தான், ஆகவே இப்போதும் பத்தாம் பிள்ளை. நிலை அசையவில்லை. ஆனால் கீழே 16 பேர் ஆகிவிட்டார்கள், மொத்தம் 28. 17.5 ÷ 28 × 100 = 62.5. ஒரு வினாவும் கூடுதலாகச் செய்யாமல் 58இலிருந்து 62.5க்கு ஏறிவிட்டார். வராதவர்களால் எல்லோரும் உயர்ந்தது போலத் தெரியும். அதோடு இங்கே 50 சோதனையும் உதவாது. ஏனென்றால் கணினிக்கு அந்த மூன்று 0களும் உண்மையான புள்ளிகள்தான், சராசரி சரியாக 50 காட்டும்.

ஆகவே மொத்தம் என்பது இடாப்பில் உள்ள பெயர்களின் எண்ணிக்கை அல்ல, பரீட்சை எழுதியவர்களின் எண்ணிக்கை. வராதவருக்கு எதிரே கட்டத்தை வெறுமையாக விடுங்கள், அல்லது "வரவில்லை" என்று எழுதுங்கள். மேலே தந்த சூத்திரம் மற்றவர்களின் கணக்கில் இரண்டையும் தானாகவே விட்டுவிடும், ஆனால் வராதவரின் சொந்த வரியில் உள்ள சூத்திரத்தை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே வருகிற எண் 50 சோதனையைக் குழப்பும். உண்மையிலேயே எழுதி 0 எடுத்தவருக்கு மட்டும் 0.

அம்மாவின் ஆயிரம் ரூபாய்

இனி கலண்டர் தாளுக்கு வருவோம். அறிக்கையில் நிலையும் வகுப்பின் தொகையும் மட்டும் இருக்கின்றன, மற்றவர்களின் புள்ளிகள் நமக்குத் தெரியாது என்றால், சமநிலை இல்லை என்று எடுத்துக்கொண்டு குறுக்குவழியில் போகலாம்:

```
(மொத்தம் − நிலை + 0.5) ÷ மொத்தம் × 100
```

நெடுந்தீவு மருமகன்: 8 பேரில் இரண்டாம் பிள்ளை. (8 − 2 + 0.5) ÷ 8 × 100 = 81.25.

நகரத்து மருமகள்: 42 பேரில் ஒன்பதாம் பிள்ளை. (42 − 9 + 0.5) ÷ 42 × 100 = 79.76.

81க்கும் 80க்கும் இடையில் ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுத் தாளைப் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டாம் பிள்ளையும் ஒன்பதாம் பிள்ளையும் ஒண்டோ?" என்றார். அவரவர் வகுப்புக்குள் ஏறக்குறைய ஒரே இடம், ஓம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சமமானோரில் பாதியைச் சேர்க்காமல் கீழே உள்ளவர்களை மட்டும் எண்ணினால் அவனுக்கு 6 ÷ 8, அதாவது 75. அவளுக்கு 33 ÷ 42, அதாவது 78.57. இப்போது அவள் முன்னுக்கு வந்துவிட்டாள்! முறையை மாற்றியதும் யார் முன், யார் பின் என்பதே மாறிவிட்டது. இது கணக்கின் குற்றம் அல்ல, 8 பேர் என்ற சின்னத் தொகையின் குணம். 8 பேர் வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 12.5 அலகு. முதலாம் பிள்ளைக்கே 93.75தான் வரும், இரண்டாம் பிள்ளைக்கு 81.25, மூன்றாம் பிள்ளைக்கு 68.75. சமப் புள்ளி இல்லாவிட்டால் இடையில் வேறு எண்ணே கிடையாது. 42 பேர் வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 2.4 அலகு அளவுதான், அங்கே எந்த முறையில் போட்டாலும் விடை அதிகம் அசையாது.

அடுத்த தவணைக்குள் அவன் வகுப்பில் ஒரு பிள்ளை, இவனுக்குக் கீழே நின்ற ஒருவன், குடும்பத்தோடு யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டான். இவன் இப்போதும் இரண்டாம் பிள்ளைதான். ஆனால் 5.5 ÷ 7 × 100 = 78.57. ஒருவன் படகேறியதால் இவன் இறங்கிவிட்டான். பத்துப் பதினைந்து பேருக்குக் குறைந்த வகுப்புக்கு நான் சதமணை நிலை போட்டுக் கொடுப்பதில்லை. "8 பேரில் 2" என்று அப்படியே சொல்லிவிடுவது நேர்மையானது.

இன்னொன்றையும் அம்மாவுக்குச் சொன்னேன். இரண்டு எண்களும் ஏறக்குறையச் சமம் என்பதால் இரண்டு பிள்ளைகளின் கணித அறிவும் சமம் என்று ஆகாது. வினாத்தாள் வேறாக இருக்கலாம், சேர்ந்து எழுதிய பிள்ளைகள் வேறு. சதமணை நிலை கூட்டத்துக்குள் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் சொல்லும், அந்தக் கூட்டம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாது. ஒரே வினாத்தாள் எழுதிய இரண்டு பிரிவுகள் என்றால், உதாரணமாகத் தரம் 10 A பிரிவும் B பிரிவும் என்றால், இரண்டையும் ஒரே பட்டியலாக்கி முதலிலிருந்து கணிக்கலாம். பிரிவு பிரிவாகக் கணித்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவதை விட அது எவ்வளவோ மேல்.

நடுவில் நெரிசல்

ஒரு தவணையில் பத்தாம் பிள்ளை, அடுத்த தவணையில் பதினான்காம் பிள்ளை. வீட்டில் இடி விழுந்த மாதிரி. ஆனால் நமது பட்டியலைப் பாருங்கள். 68 எடுத்தவர் பத்தாம் பிள்ளை, 63 எடுத்தவர் பதினான்காம் பிள்ளை. ஐந்து புள்ளிதான் வித்தியாசம், ஒரு கேத்திரகணித நிறுவலில் கடைசி இரண்டு வரியை விட்டால் போகிற புள்ளி. சதமணை நிலையிலும் 58இலிருந்து 46க்கு (11.5 ÷ 25 × 100) வந்துவிடும், அதாவது 12 அலகு.

அதே ஐந்து புள்ளியை உச்சியில் பாருங்கள். 96க்கும் 91க்கும் இடையிலும் ஐந்து புள்ளிதான். அங்கே ஒரே ஒரு நிலைதான் மாறுகிறது, சதமணை நிலையில் 98இலிருந்து 94, நான்கு அலகு மட்டும். அடியில் 28க்கும் 19க்கும் இடையே ஒன்பது புள்ளி, அங்கும் அதே நான்கு அலகுதான்.

பெரும்பாலான வகுப்புகளில் நடுவில்தான் பிள்ளைகள் நெருக்கமாக நிற்பார்கள், சந்தி பஸ் தரிப்பிடம் மாதிரி. அங்கே ஒரு காலடி பின்வாங்கினால் நாலு பேர் முந்திவிடுவார்கள். உச்சியில் இடம் அகலம். ஆகவே நடுவில் நிற்கிற பிள்ளையின் நிலை மூன்று நான்கு கூடிக் குறைவதைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை, முதலில் புள்ளியைப் பாருங்கள். சதமணை நிலை வகுப்பின் தொகையைச் சரிக்கட்டுமே தவிர, இந்த நெரிசலைச் சரிக்கட்டாது. இந்தக் குறை நிலைக்கும் உண்டு, சதமணை நிலைக்கும் உண்டு.

இதே காரணத்தால், பாடம் பாடமாகச் சதமணை நிலை எடுத்து அவற்றைக் கூட்டிச் சராசரி பார்ப்பதும் கூடாது. கணிதத்தில் 90, விஞ்ஞானத்தில் 50 என்றால் இரண்டும் சேர்ந்து 70 என்று எழுதலாம்தான், ஆனால் மொத்தப் புள்ளியில் அந்தப் பிள்ளை 70இல் நிற்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மொத்தத்துக்குச் சதமணை நிலை வேண்டுமென்றால் முதலில் புள்ளிகளைக் கூட்டுங்கள், பிறகு வரிசையாக்கிக் கணியுங்கள். தேர்ச்சி அறிக்கையில் வருகிற வகுப்பு நிலையும் பொதுவாக மொத்தப் புள்ளிக்கு உரியது என்பதால், அதைக் கணிதச் சதமணை நிலையோடு ஒப்பிட்டுத் தலையைப் போட்டு உடைக்க வேண்டாம்.

உயர்தரப் பெறுபேற்றில் வருவது வேறு

இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள். க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றில் Z புள்ளி, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை என்று மூன்று வருகின்றன. மூன்றில் ஒன்றும் சதமணை நிலை அல்ல.

Z புள்ளி 2001இல் பல்கலைக்கழக அனுமதிக்குள் வந்தது. வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை அப்படியே கூட்டினால், இலகுவான தாள் எழுதியவருக்கு அனுகூலம் போய்விடும். அதனால் ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களின் விடையையும் சராசரியாக்குகிறார்கள். எத்தனை பேர் கீழே என்று இதில் யாரும் எண்ணுவதில்லை. இடையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கிறார்கள். அதனால் மேலே சொன்ன நெரிசல் பிரச்சினை இங்கே இல்லை. 96க்கும் 91க்கும் இடையிலான ஐந்தும், 68க்கும் 63க்கும் இடையிலான ஐந்தும் Z புள்ளியில் ஒரே அளவுதான். (பாடப் புத்தகங்களில் இதை நியமப்படுத்தல் என்றும் தரப்படுத்தல் என்றும் எழுதுவார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டாவது சொல்லை உச்சரித்தால் மூத்தவர்களுக்கு 1970களின் தொடக்கத்தில் வந்த பல்கலைக்கழக அனுமதிக் கொள்கைதான் நினைவுக்கு வரும். அதனால் வகுப்பில் நான் முதலாவது சொல்லையே பாவிக்கிறேன்.)

புள்ளிவிபரவியல் படித்த சில பிள்ளைகள், Z 1 என்றால் செவ்வன் பரம்பல் அட்டவணைப்படி சதமணை நிலை 84 என்று உடனே மாற்றிவிடுகிறார்கள். உயர்தர Z புள்ளிக்கு அது சரிவராது. பெறுபேற்றில் இருப்பது மூன்று Z புள்ளிகளின் சராசரி, சராசரி எப்போதும் தனிப் பாடத்தை விடக் குறுகலாகப் பரந்திருக்கும். மூன்று பாடத்திலும் ஒரேயளவு கெட்டிக்காரர்கள் குறைவுதானே. அதனால் சராசரி Z 1 எடுத்தவர் அநேகமாக 84க்கு மேலேதான் நிற்பார். எவ்வளவு மேலே என்பது அந்த அட்டவணையில் இல்லை.

மாவட்ட நிலையைச் சதமணை நிலையாக்குவது அதைவிட நேரானது, வகுப்பு நிலைக்குப் போட்ட அதே குறுக்குவழிதான். ஒரு பிரிவில் மாவட்டத்தில் 600 பேர் தோற்றி, பிள்ளையின் நிலை 45 என்று வைத்தால் (600 − 45 + 0.5) ÷ 600 × 100 = 92.58. ஆனால் அதற்கு அந்த 600 தெரிய வேண்டும். அதே ஆண்டு, அதே பிரிவு, அதே மாவட்டத்துக்கு உரிய எண்ணாகவும் இருக்க வேண்டும். போன வருட எண்ணையோ, எல்லாப் பிரிவுகளும் சேர்ந்த எண்ணையோ போட்டால் விடை அழகாக வரும், பிழையாகவும் வரும். அந்த எண் கையில் இல்லாவிட்டால் 45ஐ 45 ஆகவே விட்டுவிடுங்கள்.